கரண்ட் அக்கவுண்டில் 31 லட்சம் கிடக்குது, எவ்வளவு வெளியே எடுக்கலாம்?

பவர்டேபிள், 12 ஏப்ரல் 2025, இரவு 10.40

திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட். 34 மெஷின். தைச்சு, செக்கிங் முடிச்சுக் கொடுத்தால் நம்ம வேலை தீர்ந்தது. துணி, நூல் எல்லாம் பார்ட்டியோடது. மாசம் சராசரி 16 லட்சத்துக்கு பில் போடுறேன். இன்னைக்கு சனிக்கிழமை சம்பளம் 2 லட்சத்து 20 ஆயிரம் போட்ட பிறகும் கரண்ட் அக்கவுண்டில் 31 லட்சம் நிற்குது. பதினோரு வருசத்தில் இப்படிப் பார்த்ததில்லை. வட்டி ஒரு பைசா கிடையாது. மச்சான் பல்லடம் ரோட்டில் சைட் பார்க்கலாம்ங்கறான். 20 லட்சத்தை எடுத்து எங்காவது போட்டுட்டு 11 லட்சத்தை ஓட்டத்துக்கு வெச்சுக்கலாமா? சும்மா கேட்கலை, திங்கட்கிழமை முடிவு பண்ணணும்.

பவர்டேபிள், 12 ஏப்ரல், இரவு 10.55

சொல்ல மறந்துட்டேன். இன்னொரு பேங்கில் 12 லட்சத்துக்கு ஓடி, அதாவது ஓவர்டிராஃப்ட் கடன் இருக்கு, பில் பாக்கி பேரில் கொடுத்தது. அதில் 9 லட்சம் எடுத்திருக்கேன். 10.25 சதவீதம். அது பாட்டுக்கு ஓடுது.

கணக்குப்பிள்ளை, 12 ஏப்ரல், இரவு 11.20

ஒரு பேங்கில் 31 லட்சத்தை வட்டியில்லாமப் போட்டுட்டு, இன்னொரு பேங்கில் 9 லட்சத்துக்கு வட்டி கட்டுறீங்களா? வருசத்துக்கு 92,250 ரூபாய். அதுக்கு இன்னொரு ஓவர்லாக் வாங்கியிருக்கலாம்.

சைட்டு, பண்டு எல்லாம் அப்புறம். முதல் கேள்வி ஒண்ணுதான்: இன்னைக்குத் தேதியில் பார்ட்டிகள் உங்களுக்கு எவ்வளவு தரணும்? போன நவம்பரில் எவ்வளவு தர வேண்டியிருந்தது? ரெண்டு நம்பர் மட்டும் போடுங்க.

சூலூர் தம்பி, 13 ஏப்ரல், காலை 7.05

அண்ணா நானும் இதே மாதிரிதான். 10 மெஷின் போட்டு ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். முத்ரா லோன் எந்த பேங்கில் சீக்கிரம் கிடைக்கும்?

பவர்டேபிள், 13 ஏப்ரல், காலை 9.30

தம்பி, இங்கே பணம் அதிகமாயிடுச்சுன்னு ஒருத்தன் புலம்பிட்டு இருக்கான். உங்க கேள்விக்குத் தனியா ஒரு இழை போடுங்க, நிறையப் பேர் சொல்லுவாங்க.

கணக்குப்பிள்ளை சார், ஓடி விசயம் வெட்கமாத்தான் இருக்கு. பெரிய பார்ட்டி “எங்க பேங்கிலேயே அக்கவுண்ட் இருந்தா அன்னைக்கே ஏறும்”னு சொன்னதால் ரெண்டாவது கணக்கு திறந்தது. வர்ற பணமெல்லாம் அதில் விழும். போறதெல்லாம் ஓடியில் போகும். அவ்வப்போது மாத்துவேன். மார்ச்சில் வேலை நெருக்கடியில் மாத்தவே இல்லை.

நம்பர் இதோ. இன்னைக்கு வர வேண்டியது 18 லட்சம். போன நவம்பர் கடைசியில் 32 லட்சம்.

கணக்குப்பிள்ளை, 13 ஏப்ரல், காலை 11.10

அப்போ பதில் அதிலேயே இருக்கு. உங்களுக்கு வழக்கமா 60 நாள் கழிச்சுத்தான் பணம் வரும், அதாவது ரெண்டு மாச பில் எப்பவும் வெளியே நிற்கும். இப்போ ஒரு மாசத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்குது. மீதி 14 லட்சம் ஏன் முன்கூட்டி வந்தது? நீங்க சிறு தொழில்னு உதயம் பதிவு பண்ணின யூனிட். வருமான வரியில் 43பி(எச்) வந்த பிறகு, சிறு யூனிட்டுக்கு 45 நாளைத் தாண்டி பாக்கி வெச்சிருந்தால் பார்ட்டிக்கு அந்த வருசக் கணக்கில் அது செலவா ஏறாது, கொடுக்கிற வருசத்தில்தான் ஏறும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லைன்னா 15 நாள்தான். அதனால் மார்ச் கடைசி வாரம் எல்லாரும் ஓடி வந்து செட்டில் பண்ணுறாங்க. ஏப்ரல் பிறந்ததும் பழையபடி 60, 70 நாள்.

ஜூலைக்குள்ள அந்த 14 லட்சம் மறுபடியும் வெளியே போய் நின்னுக்கும். அது லாபமில்லை. உங்க பணம் கொஞ்ச நாள் வீட்டுக்கு வந்திருக்கு, திரும்பப் போயிடும்.

31இல் ஓடி 9 போனால் 22. அதில் இந்த 14 போனால் 8. இந்த மாசம் 20ஆம் தேதி ஜிஎஸ்டி, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்த்து ஒன்றரை வைங்க. ஆறரை லட்சம். 20 இல்லை.

பெருந்துறை, 13 ஏப்ரல், மதியம் 1.15

ஆறரையா இருந்தாலும் சரி, லிக்விட் பண்டில் போடுங்க, குறுகிய காலக் கடன் பத்திரத்தில் போடுற மியூச்சுவல் பண்டு. மூணு வருசம் வெச்சால் விலைவாசி ஏத்தத்தைக் கழிச்சு லாபம் பார்க்கிற இண்டெக்சேஷன் கிடைக்கும், வரி ரொம்பக் குறையும். எப்ப வேணா போனிலேயே ஐம்பதாயிரம் உடனே எடுக்கலாம். நான் நாலு வருசமா பண்ணுறேன்.

இல்லைன்னா எஃப்டி. ஆனா கம்பெனி பேரில் ஒண்ணு, உங்க பேரில் ஒண்ணு போடுங்க. பேங்க் படுத்துட்டாலும் தலா அஞ்சு லட்சம் காப்பீடு.

கணக்குப்பிள்ளை, 13 ஏப்ரல், மதியம் 2.00

லிக்விட் பண்டு சரி. மத்ததில் பாதிதான் சரி. 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கின கடன் பண்டுக்கு இண்டெக்சேஷன் கிடையாது. எத்தனை வருசம் வெச்சாலும் லாபம் உங்க வருமானத்தோட சேர்ந்து உங்க விகிதத்தில் வரி. எஃப்டி வட்டி மாதிரிதான், எடுக்கும்போது மட்டும்தான் வரிங்கறது ஒரு சௌகரியம்.

காப்பீடும் அப்படியில்லை. இவர் ஒத்தை முதலாளி. கம்பெனி பேரும் அவர் பேரும் ஒரே பான். ஒரே பேங்கில் ரெண்டையும் கூட்டித்தான் அஞ்சு லட்சம். கூட்டு நிறுவனமா இருந்தால் கதை வேற.

பெருந்துறை, 13 ஏப்ரல், மதியம் 2.20

நான் போட்டது 2021இல் சார். என்னோடதுக்குப் பழைய விதிதானே?

கணக்குப்பிள்ளை, 13 ஏப்ரல், மதியம் 2.25

இல்லைங்க, 2024 ஜூலை பட்ஜெட்டில் இண்டெக்சேஷனையே எடுத்துட்டாங்க. உங்களோடதுக்கு நீண்ட கால லாபமா 12.5 சதவீதம் வரும். அதுவும் மோசமில்லை. ஆனா இப்போ வாங்குறவருக்கு அது இல்லை.

மளிகை மாமா, 13 ஏப்ரல், இரவு 9.45

இதைப் படிச்சுட்டுத் தூக்கம் போச்சு. என் கதையைச் சொல்றேன். ஈரோட்டில் மளிகை மொத்த வியாபாரம். எனக்கு விக்கிறது கைமேல் காசு, கம்பெனிக்குக் கொடுக்கிறது 21 நாள் கழிச்சு. தம்பிக்கு நேர் எதிர். அவர் பணம் பார்ட்டி கிட்ட நிற்கும். கம்பெனி பணம் என் கிட்ட நிற்கும்.

2018இல் என் கணக்கில் 40 லட்சம் நின்னது. என் பணம்னு நினைச்சேன். 25 லட்சத்துக்கு இடம் வாங்கினேன். அடுத்த வருசம் ரெண்டு பெரிய கம்பெனி கடனை 21 நாளிலிருந்து 7 நாளாக் குறைச்சாங்க. அவ்வளவுதான். இடத்தை விக்க எட்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் வெளியில் ரெண்டு வட்டிக்கு வாங்கி சரக்கு எடுத்தேன். என் கிட்ட இருந்ததில் என் பணம் பத்து லட்சம்கூட இல்லைன்னு அப்போதான் தெரிஞ்சது.

பவர்டேபிள், 14 ஏப்ரல், காலை 8.15

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்து. மச்சான் கிட்ட சைட் வேண்டாம்னுட்டேன். அவன் முகம் இன்னும் சரியாகலை.

மாமா சொன்னதை ராத்திரி முழுக்க யோசிச்சேன். கணக்குப்பிள்ளை சார், இன்னொரு சந்தேகம். ஆறரை லட்சத்தையும் எடுத்துட்டால், பெரிய பார்ட்டி ஒருத்தர் ஒரு மாசம் தள்ளினால் என்ன ஆகும்? என் பில்லில் 60 சதவீதம் அந்த ஒருத்தர்தான். 16 லட்சத்தில் 9 லட்சத்து 60 ஆயிரம். ஆறரையே அதுக்குப் பத்தாது. ஆனா ஓடி அடைச்ச பிறகு 12 லட்சம் முழுசா எடுக்க இருக்கே, அதை நம்பலாம்தானே?

கணக்குப்பிள்ளை, 14 ஏப்ரல், காலை 10.30

இதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. பாதி நம்பலாம்.

உங்க ஓடி பில் பாக்கி பேரில் கொடுத்தது. மாசாமாசம் பாக்கிப் பட்டியல் கொடுக்கிறீங்க இல்லையா? அதில் 90 நாள் தாண்டின பில்லை பேங்க் எண்ணாது. மீதியில் பேங்க் பாதுகாப்புக்குப் பிடிக்கிற பங்கு, மார்ஜின், கழிச்சுத்தான் எவ்வளவு எடுக்கலாம்னு வரும். உங்களுக்கு மார்ஜின் எவ்வளவு?

பவர்டேபிள், 14 ஏப்ரல், காலை 10.50

40 சதவீதம்.

கணக்குப்பிள்ளை, 14 ஏப்ரல், காலை 11.15

ஆக 32 லட்சம் பாக்கி, எல்லாம் 90 நாளுக்குள்ளே இருந்தால் அதில் 60 சதவீதம், 19 லட்சம் வரும். லிமிட் 12தான், பிரச்சினையில்லை. ஆனா பார்ட்டி எப்போ பணம் தராம இழுக்கிறாரோ, அப்போதான் பில் 90 நாளைத் தாண்டும். அப்போதான் உங்களுக்கு ஓடி தேவைப்படும். அதே நேரத்தில்தான் அது சுருங்கும். ரெண்டும் ஒரே காரணத்தால் நடக்கும். மழைக்குக் கொடுத்த குடை மழையில் கரையுற மாதிரி.

அதனால் 12ஐ 6ஆ எண்ணுங்க. என் கணக்கில் நீங்க 3 லட்சம் வெளியே எடுக்கலாம். தைரியம் இருந்தால் 5.

இன்னொண்ணு. ஓடியிலிருந்து எடுத்து பண்டில் போடுற வேலை மட்டும் வேண்டாம். அந்த வட்டியைத் தொழில் செலவா வருமான வரியில் ஏற்க மாட்டாங்க. பேங்கும் கேட்கும். மிஞ்சின பணம் தனி சேவிங்ஸ் கணக்குக்குப் போய், அங்கிருந்து பண்டுக்குப் போகட்டும். தடம் சுத்தமா இருக்கும்.

ஊத்துக்குளி அக்கா, 14 ஏப்ரல், மாலை 6.40

அஞ்சு லட்சத்துக்கு இவ்வளவு பேச்சா? நான் பதிவு பண்ணின சீட்டில் ரெண்டு போட்டிருக்கேன். பணம் வேணும்னா ஏலத்தில் எடுத்துக்கலாம், வேண்டாம்னா கடைசி வரைக்கும் தள்ளினால் கசர் நல்லா வரும். பண்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்.

பவர்டேபிள், 14 ஏப்ரல், இரவு 9.00

அக்கா, சீட்டு நல்லதுதான், எங்க வீட்டிலயும் ஒண்ணு ஓடுது. ஆனா எனக்குப் பணம் வேண்டிய வாரமே இன்னும் நாலு பேருக்கும் வேண்டியிருக்கும். திருப்பூரில் ஒரே நேரத்தில்தான் எல்லாருக்கும் பணம் வராம நிற்கும். அந்த மாசம் ஏலத்தில் எவ்வளவு தள்ளிக் கேட்பாங்கன்னு நினைச்சுப் பாருங்க.

பவர்டேபிள், 22 ஏப்ரல், இரவு 11.05

செஞ்சது: ஓடி 9 லட்சமும் அடைச்சாச்சு. அஞ்சு லட்சம் என் பேரில் லிக்விட் பண்டில். மீதி ஓட்டத்துக்கு. ஒரே நாளில் வட்டி நின்னதுதான் பெரிய சந்தோசம்.

வீட்டுக்காரி பேரில் போட்டால் வரி குறையுமேன்னு பெருந்துறை தனியா சொன்னார். கேட்டுப் பார்த்தேன். நான் கொடுத்த பணத்துக்கு வர்ற வருமானம் என் கணக்கில்தான் சேரும்னு ஆடிட்டர் ஒரே வரியில் முடிச்சுட்டார். ஆனா இன்னொரு பக்கமும் இருக்கே: நாளைக்குத் தொழில் சரிஞ்சால், என் பேரில் இருக்கிறது முழுக்கக் கடன்காரங்களுக்குத்தானே? ஒத்தை முதலாளிக்கு “தனியா வெச்ச பணம்”னு உண்மையில் ஏதாவது உண்டா? இதுக்கு யாரும் சரியா பதில் சொல்லலை.

மளிகை மாமா, 23 ஏப்ரல், காலை 6.30

பதில் கிடையாது தம்பி. அதனால்தான் என் மகன் எல்எல்பி, அதாவது பொறுப்புக்கு வரம்பு உள்ள கூட்டு நிறுவனம், ஆரம்பிக்கச் சொல்றான். எனக்கு அதில் கையெழுத்து போடவே பயமா இருக்கு.

பவர்டேபிள், 7 ஜூலை, இரவு 10.20

கணக்குப்பிள்ளை சார் சொன்னது அச்சு அசலா நடந்தது. இன்னைக்கு வர வேண்டியது 31 லட்சத்து 70 ஆயிரம். கணக்கில் 7 லட்சம். ஏப்ரலில் 20 லட்சத்துக்கு சைட் வாங்கியிருந்தால் இன்னைக்கு ஓடியில் எட்டு லட்சம் கடன் நின்னிருக்கும்.

ஆனா ஒரு குறை சொல்லணும். ஜூன் 6 ரிசர்வ் பேங்க் அரை சதவீதம் குறைச்சதும் என் ஓடி வட்டியும் இறங்கிடுச்சு, இப்போ ஒன்பதரை. லிக்விட் பண்டும் ஆறுக்குப் பக்கம் வந்துடுச்சு. அஞ்சு லட்சத்துக்கு வரி போக மாசம் ரெண்டாயிரம்கூட மிஞ்சாது. இவ்வளவு யோசனை பண்ணினதுக்கு ஒரு நாள் மெஷின் நிற்காமப் பார்த்திருந்தால் அதைவிட அதிகம் வந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை, 7 ஜூலை, இரவு 10.45

சம்பாதிக்கிறது ரெண்டாயிரம்தான். அந்த அஞ்சு லட்சம் சைட்டா மாறாமப் பணமாவே இருக்கு பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவும்.

பவர்டேபிள், 30 ஆகஸ்ட், இரவு 11.50

27ஆம் தேதியிலிருந்து அமெரிக்கா வரி 50 சதவீதம். பெரிய பார்ட்டிக்கு முக்கால்வாசி அமெரிக்க ஆர்டர். ஏழாம் தேதி 25 ஆனப்பவே கட்டிங்கை நிறுத்திட்டாங்க. பாதி தைச்ச பீஸ் என் டேபிளில் கிடக்குது. ரெண்டு வாரமா பேமெண்ட் இல்லை. கேட்டால் “பையர் என்ன சொல்றான்னு பார்த்துட்டுச் சொல்றோம்ணா”. அவங்களையும் குத்தம் சொல்ல முடியலை.

ஜூன் நடுவிலிருந்து போட்ட பில் எல்லாம் நிற்குது. 19 லட்சம் ஒரே ஆள் கிட்ட.

பவர்டேபிள், 21 செப்டம்பர், காலை 7.40

ஒரு விசயம் நான் நினைச்ச மாதிரி இல்லை. வேலை நின்னால் உடனே பணம் தீரும்னு பயந்தேன். எனக்கு முக்கியச் செலவு பீஸ் ரேட் சம்பளம். தைக்கலைன்னா அது பாதியாயிடுது. சனிக்கிழமை 2.20 போன இடத்தில் இப்போ 1.15. வாடகை, கரண்ட், செக்கிங் ஆளுங்க ஷிப்டு சம்பளம், மெஷின் தவணை மட்டும் அப்படியே. அதனால் கணக்கு நான் பயந்த வேகத்தில் இறங்கலை. சின்னப் பார்ட்டிகள் பணமும் வந்துட்டுத்தான் இருக்கு.

ஆனா ஆளுங்களை விட முடியாது. பாதிப் பேர் வெளியூர், ஊருக்குப் போயிட்டால் திரும்ப மாட்டாங்க. அட்வான்ஸ் கொடுத்து இருத்தி வெச்சிருக்கேன். ஏப்ரலில் போட்ட கணக்கில் இந்த அட்வான்சுக்கு இடமே இல்லை. இதுவரைக்கும் ரெண்டு லட்சம் தாண்டிடுச்சு.

கணக்குப்பிள்ளை, 21 செப்டம்பர், காலை 9.00

ஆமா, அது என் கணக்கிலும் விட்டுப்போச்சு. நான் புத்தகத்தில் வர்ற செலவை மட்டும் பார்த்தேன்.

பவர்டேபிள், 26 அக்டோபர், இரவு 10.10

தீபாவளி ஒரு வழியா முடிஞ்சது. போனஸ் நாலு லட்சம் போட்டாச்சு. அதில் நடந்த கூத்து.

17ஆம் தேதி வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு லிக்விட் பண்டில் ரெண்டு லட்சம் எடுக்க போட்டேன். சனிக்கிழமை போனஸ் கொடுக்கணும், ஓடியில் இன்னும் எடுக்க வேண்டாம்னு நினைச்சேன். வரலை. மூணு மணிக்கு மேல் போட்டது அடுத்த வேலை நாள் கணக்கு, அதுக்கும் அடுத்த வேலை நாளில்தான் பணம் ஏறும். நடுவில் சனி, ஞாயிறு, அப்புறம் மார்க்கெட் லீவு. பணம் வந்தப்போ பட்டாசெல்லாம் வெடிச்சு முடிஞ்சிருந்தது. அந்த “உடனே ஐம்பதாயிரம்” எனக்குப் பத்தாது, அதுக்குமேல் ஒரு நாளைக்குக் கிடையாது.

கடைசியில் ஓடியில்தான் எடுத்தேன். ஒன்பதரையில் ரெண்டு லட்சத்துக்கு அஞ்சு நாள், 260 ரூபாய். காசு கம்மிதான். ஆனா செக்கிங் டேபிளைச் சுத்தி முப்பது பேர் நின்னுட்டு இருக்கும்போது போனைப் பார்த்துட்டு நின்ன அந்தப் பத்து நிமிசம் இருக்கே.

இப்போ எழுதி ஒட்டியாச்சு: சனிக்கிழமைக்கு வேணும்னா வியாழக்கிழமை மூணு மணிக்குள்ளே போடு.

பெருந்துறை, 26 அக்டோபர், இரவு 10.30

அதான் முன்னாடியே சொன்னேனே, எப்ப வேணா எடுக்கலாம்னு. எத்தனை மணிக்குன்னு சொல்ல மறந்துட்டேன்.

பவர்டேபிள், 14 நவம்பர், இரவு 9.30

மழையில் குடை கரைஞ்சது. அக்டோபர் கடைசிப் பட்டியல் கொடுத்தேன். மொத்தப் பாக்கி 29 லட்சம். அதில் 14 லட்சம் 90 நாள் தாண்டியாச்சு, ஜூன், ஜூலை பில். மீதி 15இல் 60 சதவீதம், 9 லட்சம். எடுத்து வெச்சிருக்கிறது ஒன்பதரை. பேங்கிலிருந்து போன்: “அரை லட்சம் உள்ளே போடுங்க சார், இல்லைன்னா கணக்கு ஒழுங்கில்லைன்னு மார்க் ஆயிடும்.” கரண்ட் அக்கவுண்டில் மிச்சம் இருந்தது, போட்டேன். இந்தத் தடவை பண்டில் எடுக்க வேண்டிய அவசியம் வரலை.

பண்டில் இன்னும் 3 லட்சத்துச் சொச்சம் இருக்கு. அதை நான் எடுக்காமலே வெச்சிருக்கேன். பேங்க் நாளைக்கு இன்னும் குறைச்சால் கையில் ஏதாவது இருக்கணும்.

கணக்குப்பிள்ளை, 15 நவம்பர், காலை 8.00

இது எனக்குப் பிடிக்கலை. ஒன்பதரைக்குக் கடன் வாங்கிட்டு ஆறுக்கு வெச்சிருக்கீங்க. ஏப்ரலில் செஞ்ச அதே தப்பு, அளவுதான் சின்னது. அந்த 3 லட்சத்தை ஓடியில் போட்டால் பாக்கி 6, லிமிட் 9, வேணும்போது 3 எடுக்கலாம். கையில் வெச்சாலும் 3தான். ரெண்டும் ஒண்ணு, வட்டி மட்டும் மிச்சம்.

பவர்டேபிள், 15 நவம்பர், காலை 8.40

அடுத்த பட்டியலில் 9ஐ 6ஆ ஆக்கினால்?

கணக்குப்பிள்ளை, 15 நவம்பர், காலை 8.55

அப்பவும் ஒண்ணுதான். கையில் வெச்சிருந்தால் 9 பாக்கியை 6க்குக் கொண்டுவர அந்த 3ஐக் கட்டணும், கையில் பூஜ்யம். ஓடியில் போட்டிருந்தால் பாக்கி 6, லிமிட் 6, எடுக்கப் பூஜ்யம். பேப்பரில் எழுதிப் பாருங்க.

பவர்டேபிள், 15 நவம்பர், மதியம் 12.30

எழுதிப் பார்த்தேன். பேப்பரில் நீங்க சொல்றதுதான் சரி. ஆனா ஓடியில் போட்டுட்டால் குறைக்கிற அன்னைக்கே எனக்கு எடுக்க முடியாது. கையில் இருந்தால் பேங்க் போன் பண்ணி, நான் மேனேஜரைப் பார்த்து, பத்து நாள் கேட்டு, அதுக்குள்ளே ஒரு சனிக்கிழமை போயிடும். அந்த சனிக்கிழமைக்கு மாசம் 900 ரூபாய் கொடுக்கிறதா நினைச்சுக்கிறேன்.

மளிகை மாமா, 15 நவம்பர், மதியம் 1.00

நான் தம்பி பக்கம்.

கணக்குப்பிள்ளை, 15 நவம்பர், மதியம் 1.10

உங்க பணம், உங்க தூக்கம். நான் என் கருத்தை மாத்திக்கலை.

பவர்டேபிள், 28 நவம்பர், இரவு 11.15

நல்ல சேதி மாதிரி ஒண்ணு. உள்ளூர் மார்க்கெட் பிராண்டு ஒண்ணு, ஊரெல்லாம் விளம்பரம் வர்றது, டி-சர்ட் தைக்க ஆள் தேடுறாங்க. மாசம் 10 லட்சத்துக்கு வேலை. என் எல்லா மெஷினும் ஓடும். ஆனா பேமெண்ட் 90 நாள்.

முன்னாடியா இருந்தால் அன்னைக்கே கையெழுத்து. இப்போ பேப்பர் எடுத்தேன். 10 லட்சம் வேலைக்கு சம்பளம் மட்டும் வாரம் 1.40. முதல் காசு வர்றதுக்குள்ளே 13 சனிக்கிழமை, 18 லட்சத்துக்கு மேல். மாசாமாசம் ஜிஎஸ்டி ஐம்பதாயிரம், அவன் எனக்குக் கொடுத்தாலும் கொடுக்காட்டியும் 20ஆம் தேதி நான் கட்டணும். கையில் இருக்கிறது பண்டு 3, ஓடியில் ஒண்ணும் இல்லை.

வேலை நின்னப்போ நான் தாக்குப் பிடிச்சேன். வேலை வந்தால் முழுகிடுவேன் போல இருக்கு.

கணக்குப்பிள்ளை, 29 நவம்பர், காலை 7.50

பில் எண்ணிக்கை ஏறும்போது ஓடி லிமிட்டும் ஏறும், அதை மறக்காதீங்க, புது பில் 90 நாளுக்குள்ளேதான் இருக்கும். ஆனாலும் 60 சதவீதம்தான் வரும், பத்தாது.

அந்த பிராண்டு வருசம் 250 கோடிக்கு மேல் விற்பனை உள்ள கம்பெனியான்னு விசாரிங்க. 250 கோடிக்கு மேல் இருந்தால் ட்ரெட்ஸ்ங்கற, சிறு யூனிட் பில்லுக்கு முன்கூட்டிப் பணம் தர்ற ஆன்லைன் தளத்தில் அவங்க சேர்ந்திருக்கணும், போன மார்ச் 31தான் கெடு. நீங்க பில்லை அங்கே ஏத்தணும், அவங்க ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டால் பேங்குகள் ஏலம் கேட்டு, வட்டி கழிச்சுட்டு ரெண்டு மூணு நாளில் பணம் போட்டுடும். வட்டி உங்க தகுதிக்கு இல்லை, அவங்க தகுதிக்கு, அதனால் குறைவு. 90ஆம் நாள் அவங்க கட்டலைன்னா பேங்க் அவங்களைத்தான் பிடிக்கும், உங்களை இல்லை.

சிக்கல் ஒண்ணுதான். சேர்ந்திருக்கிறது வேற, பில்லை ஒத்துக்கிறது வேற. நிறையப் பேர் சேர்ந்துட்டு சும்மா இருக்காங்க.

சூலூர் தம்பி, 29 நவம்பர், காலை 10.15

அண்ணா, 10 மெஷின் யோசனையைக் கைவிட்டுட்டேன். உங்க யூனிட்டில் லைன் சூப்பர்வைசர் வேலை இருக்குமா?

பவர்டேபிள், 4 டிசம்பர், இரவு 10.00

தம்பி, வாட்ஸ்அப்பில் வாங்க, பேசலாம்.

பிராண்டு ஆபீசுக்குப் போயிட்டு வந்தேன். பர்ச்சேஸ் மேனேஜர் கிட்ட ட்ரெட்ஸ்னு சொன்னதும், “அது ஹெட் ஆபீஸ் அக்கவுண்ட்ஸில் கேட்கணும், இதுவரைக்கும் எந்த ஜாப் ஒர்க்காரரும் கேட்டதில்லை”ன்னார். சேர்ந்திருக்காங்களா இல்லையான்னே அவருக்குத் தெரியலை. கேட்டுச் சொல்றேன்னிருக்கார்.

அதுவரைக்கும் பாதி வேலைக்கு மட்டும் ஒத்துக்கிட்டேன், மாசம் 5 லட்சம். எட்டு மெஷின் சும்மா நிற்கும். பழைய பார்ட்டி நேத்து ஜூன் பில்லுக்கு 3 லட்சம் போட்டாங்க, மீதி ஜனவரியில்ங்கறாங்க. நாளன்னிக்கு சம்பளம் 1.35. இன்னைக்கு ரெண்டரை மணிக்கே பண்டில் அறுபதாயிரம் எடுக்கப் போட்டுட்டேன்.